ஐந்து ரூபாய் போட்டதும் பத்து ரூபாய் வந்தது எப்படி?

*அம்மாவின் பழைய தையல் மெஷினை 8,500 ரூபாய்க்கு விற்க நெட்டில் படம் போட்டிருந்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பணம் வருவதற்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, முதலில் ஐந்து ரூபாய்க்குச் செய்து பார்க்கச் சொன்னார். அம்மா போனில் படத்தைத் திறந்து என் போனால் ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டேன். உடனே பத்து ரூபாய் வந்தது. அதை நம்பி மூன்று தடவை ஸ்கேன் செய்துவிட்டேன். 8,500, மறுபடி 8,500, அப்புறம் 17,000 என்று 34,000 ரூபாய் போய்விட்டது. பத்து நாள் ஆகிறது. வங்கியில், "பின் நீங்கள்தானே போட்டீர்கள்" என்கிறார்கள். ஸ்கேன் செய்ததால் என் போனுக்குள் புகுந்துவிட்டார்களா? மீதிப் பணமும் போய்விடுமா? போனது திரும்ப வருமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.*

*— ஒரு வாசகி, கரூர்*

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடியில் பணம் இழந்தவர்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. மூன்று பரிவர்த்தனைகளின் தேதி, நேரம், தொகை, ஒவ்வொன்றுக்கும் இருக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தப் பன்னிரண்டு இலக்க எண், உங்கள் செயலியில் பழைய பரிவர்த்தனையைத் திறந்தால் UTR என்றோ UPI transaction ID என்றோ போட்டிருக்கும். பத்து நாள் கழித்துச் செய்து என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள். பயன் எவ்வளவு என்பதைக் கீழே சொல்கிறேன். முதலில் உங்கள் பெரிய பயத்தைத் தீர்த்துவிடலாம்.

ஸ்கேன் செய்ததால் யாரும் உங்கள் போனுக்குள் நுழையவில்லை. வங்கியில் மின்னணுப் பரிவர்த்தனைப் புகார்களைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஏமாந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் ஏதோ மந்திரம் இருக்கிறது, அதைக் கேமராவில் காட்டியதும் பணம் உறிஞ்சப்படுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் இருப்பது ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். கையால் தட்டச்சு செய்தால் நேரமாகும், தப்பு வரும் என்பதால் அந்த வரியைப் படமாக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்த படத்தை, பணம் அனுப்பும் செயலியில் திறக்காமல், க்யூஆர் வாசிக்க மட்டும் இருக்கும் சாதாரணச் செயலி ஒன்றில் காட்டியிருந்தால், ஏறக்குறைய இப்படி ஒரு வரி தெரிந்திருக்கும்:

```
upi://pay?pa=someone@bank&pn=Receive%20Payment&am=8500&cu=INR&tn=Credit%20to%20you
```

இதை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். முதலில் `upi://pay` என்று இருக்கிறது. "பணம் செலுத்து" என்ற கட்டளை அது. `pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய முகவரி. இங்கே நான் சும்மா ஒன்றைப் போட்டிருக்கிறேன், உங்கள் விஷயத்தில் அந்த ஆள் கொடுத்த கணக்கின் யுபிஐ முகவரி இருந்திருக்கும். `am` என்பது தொகை. `pn` என்பது பெறுகிறவர் பெயர். `tn` என்பது குறிப்பு, அதாவது மாமா வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது "வாடகை" என்று நாம் ஒரு வார்த்தை எழுதுவோமே, அந்த இடம். இவ்வளவும் சேர்ந்து உங்கள் செயலியிடம் சொல்வது, "இந்த முகவரிக்கு 8,500 ரூபாய் செலுத்தும் பக்கத்தைத் திற" என்பதுதான்.

இதில் உங்கள் பெயர் எங்கேயும் இல்லை, உங்கள் கணக்கு எண்ணும் இல்லை. உங்களுக்குப் பணம் வர வேண்டுமென்றால் உங்கள் முகவரி எங்காவது இருந்தாக வேண்டும் அல்லவா? அவர் அனுப்பிய படத்தில் அது இருக்க வழியில்லை. ஸ்கேன் செய்கிறவர் கணக்கிலிருந்து பணம் போகும், படத்துக்கு உரியவர் கணக்குக்கு வரும். இதைத் திருப்பிப் போடும்படி ஒரு க்யூஆர் கோடு செய்யவே முடியாது. டீக்கடையை நினைத்துப் பாருங்கள். அட்டையை மாட்டி வைத்திருப்பவர் கடைக்காரர், அவர் வாங்குகிறவர். போனை நீட்டுவது நாம், நாம் கொடுக்கிறவர்கள். கடைக்காரர் ஒரு நாளாவது தன் அட்டையைக் காட்டி, "இதை ஸ்கேன் செய்யுங்கள், உங்களுக்குப் பணம் வரும்" என்று சொல்லியிருக்கிறாரா?

இது தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். நீங்களும் மளிகைக் கடையில் எத்தனையோ தடவை ஸ்கேன் செய்து காசு கொடுத்திருப்பீர்கள். அப்படியிருந்தும் உங்கள் கை ஏன் பின் எண்ணைப் போட்டது? அந்த ஐந்து ரூபாயால்தான். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான இடம் அதுதான்.

அந்த முதல் படத்தை ஸ்கேன் செய்தீர்கள், பின் போட்டீர்கள். உங்கள் கணக்கிலிருந்து ஐந்து ரூபாய் அவனுக்குப் போனது. மறுமுனையில் அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஐந்து ரூபாய் வந்ததும் தன் செயலியில் உங்கள் போன் நம்பரைப் போட்டு, பத்து ரூபாயைத் தட்டி அனுப்பிவிட்டான். விளம்பரத்திலேயே உங்கள் நம்பர் இருந்தது, வேறொன்றும் அவனுக்குத் தேவைப்படவில்லை. இதெல்லாம் சில நொடிகளில் முடிகிற வேலை. ஆனால் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்கேன் செய்தேன், பின் போட்டேன், பணம் வந்தது என்று வரிசையாகத் தெரிகிறது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு தனித்தனிப் பரிவர்த்தனைகள், ஒன்று நீங்கள் அனுப்பியது, இன்னொன்று அவன் அனுப்பியது. அடுத்தடுத்து நடந்ததால், ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று மனம் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

அதனால் அந்த ஐந்து ரூபாயைச் சோதனை என்று அவன் சொன்னது பொய். அது ஒத்திகை. பின் போட்டால் பணம் வரும் என்று உங்கள் கைக்கு ஒரு தடவை பழக்கிக் கொடுத்தான். அதற்காக அவன் இழந்தது ஐந்து ரூபாய். சிலர் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் என்று செய்வார்கள், சிலர் பத்துக்கு இருபது. "ராணுவக் கணக்கில் போட்டது இரண்டு மடங்காகத் திரும்பும், அதுதான் எங்கள் முறை" என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். உங்களிடமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் பத்து ரூபாய் வந்ததை நீங்களே சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்து ரூபாய் உங்களுக்கு வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. போன் சும்மா மேசை மேல் கிடந்திருந்தாலும் அது வந்திருக்கும். உங்கள் நம்பர் ஒன்றே போதும் என்று அவனே செய்து காட்டிவிட்டான். பத்து ரூபாய் அனுப்பத் தெரிந்தவனுக்கு அதே வழியில் 8,500 ரூபாய் அனுப்பத் தெரியாதா? இந்தக் கேள்வியை அந்த நிமிடத்தில் கேட்க விடாமல் செய்வதுதான் அவன் தொழில். போனை வைக்க விடமாட்டான், பேசிக்கொண்டே இருப்பான், "மேடம் சீக்கிரம், எங்கள் ஆபீசர் பக்கத்தில் நிற்கிறார், நேரம் முடிந்துவிடும்" என்பான்.

அடுத்து வந்தது 8,500 ரூபாய் படம். தொகை படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் நீங்கள் எண் எதையும் தட்டவில்லை, பக்கம் திறக்கும்போதே 8,500 என்று வந்து நின்றிருக்கும். இதுவும் அவனுக்குச் சாதகம். நாமே தொகையைத் தட்டினால் கொடுக்கிறோம் என்ற உணர்வு வரும். தயாராக வந்து நிற்கும் தொகையைப் பார்த்தால், நமக்கு வரப்போகும் தொகை போலவே தோன்றும். குறிப்பு எழுதும் இடத்தில் "Credit to you" என்றோ "Receive money" என்றோ அவன் எழுதி வைத்திருந்தால் அதுவும் திரையில் தெரியும். அதை எழுதியது செயலியோ வங்கியோ அல்ல, படத்தைத் தயாரித்தவன். ஆனால் படிக்கிறவருக்கு அது செயலியே சொல்வது போல இருக்கும்.

பெயர் விஷயத்திலும் முன்பு இதே ஓட்டை இருந்தது. `pn` என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம், அதையே சில செயலிகள் திரையில் காட்டின. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் இதைத் தடுத்திருக்கிறது. 2025 ஜூன் 30-க்குள் எல்லாச் செயலிகளும், பணம் யாருக்குப் போகிறதோ அவருடைய வங்கிக் கணக்கில் உள்ள பெயரை மட்டுமே காட்ட வேண்டும், க்யூஆரில் எழுதியிருக்கும் பெயரைக் காட்டக்கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் பழைய பரிவர்த்தனைகளைத் திறந்து பார்த்தால் ஏதாவது ஒரு மனிதரின் பெயர் இருக்கும். போனில் பேசியவன் சொன்ன பெயரும் அதுவும் வேறு வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், புகாருக்கு வேண்டும்.

8,500 ரூபாய் போனதும் உங்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும். அந்த இடத்தில்தான் இவர்கள் இரண்டாவது வேலையைத் தொடங்குவார்கள். பணம் போனதை மறுக்கமாட்டார்கள். "ஐயோ மேடம், சிஸ்டத்தில் மாட்டிக்கொண்டது, இன்னொரு தடவை அதே தொகையைப் போட்டால் இரண்டும் சேர்ந்து 17,000 திரும்பிவிடும்" என்பார்கள். ஐந்துக்குப் பத்து வந்த கணக்கு உங்கள் மனதில் ஏற்கெனவே இருப்பதால் அது நியாயமாகப் படும். இரண்டாவது 8,500-ம் போனபின், "இப்போது 17,000-க்கு ஒரே படமாக அனுப்புகிறேன், அது மொத்தமாகத் திருப்பும் படம்" என்பார்கள். கவனித்தீர்களா, மூன்றாவது தடவை நீங்கள் தையல் மெஷினுக்கான பணத்துக்காக ஸ்கேன் செய்யவில்லை. போனதை மீட்கத்தான் செய்தீர்கள். விற்ற காசு வர வேண்டும் என்ற ஆசையைவிட, கையிலிருந்து போன காசு திரும்ப வேண்டும் என்ற பதற்றம் பலமடங்கு வலுவானது. இவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். நான் பார்த்த புகார்களில் பெரிய தொகைகள் போனது பெரும்பாலும் முதல் ஸ்கேனில் இல்லை, மூன்றாவதிலும் நான்காவதிலும்தான்.

இதற்கு நடுவில் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கும். debited என்ற சொல் அதில் கண்டிப்பாக இருந்திருக்கும். பணம் எடுக்கப்பட்டது என்று அர்த்தம், வந்தால் credited என்று வரும். போனில் ஒருவன் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த எஸ்எம்எஸ் திரையின் மேலே ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்வதும், அழைப்பைத் துண்டிக்க விடாததும் இதற்காகத்தான்.

சரி, பின் எண்ணுக்கு வருவோம். அது உங்கள் கையெழுத்துக்குச் சமம். கணக்கிலிருந்து பணம் எடுக்கச் சம்மதம் என்று வங்கிக்கு நீங்கள் சொல்வது அந்த நான்கு அல்லது ஆறு இலக்கத்தால்தான். இருப்பு பார்க்கும்போதும் அதைக் கேட்கும், ஏனென்றால் அதுவும் உங்கள் கணக்கைத் திறந்து பார்க்கிற வேலை. வரவுக்கு அது தேவையே இல்லை. சம்பளம் வரும்போதும், மகளிர் உரிமைத்தொகை வரும்போதும், தம்பி ஊரிலிருந்து அனுப்பும்போதும் யாரும் நம்மைப் பின் கேட்பதில்லை. இப்போது சில செயலிகளில் பின்னுக்குப் பதிலாகக் கைரேகை வைத்தும் பணம் அனுப்பும் வசதி வந்திருக்கிறது. விரலை வைத்தாலும் அதே சம்மதம்தான், அதையும் பின் எண்ணைப் போலவே நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்ட பின் எண் அவனுக்குத் தெரியாது. அந்த எண்ணைத் தட்டும் பக்கம் தனியாக இயங்குகிறது, தட்டிய எண் போனிலேயே பூட்டப்பட்டு வங்கிக்குப் போகிறது. பணம் பெறுகிறவனுக்கு அது போவதில்லை. அதனால் க்யூஆர் மூலம் மட்டும் நடந்த மோசடி என்றால், இனி நீங்கள் மறுபடி பின் போடாதவரை மீதிப் பணத்தை அவனால் தொட முடியாது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சின் நடுவில் ஏதாவது செயலியை இறக்கச் சொன்னானா? உங்கள் திரையை அவன் பார்க்கும்படியான செயலியோ, வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலோ எதையாவது நிறுவினீர்களா? ஓடிபி எதையாவது படித்துச் சொன்னீர்களா? ஏடிஎம் கார்டின் எண்களைக் கொடுத்தீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் நிம்மதியாக இருங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் இது வேறு கதை. அந்தச் செயலியை நீக்கிவிட்டு, வங்கியில் சொல்லி கார்டை முடக்கி, யுபிஐ பின்னையும் நெட் பேங்கிங் கடவுச்சொல்லையும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

உங்களைப் போன்றவர்களிடம் நான் மறைக்காமல் சொல்லும் ஒரு விதிவிலக்கு உண்டு, இல்லாவிட்டால் நாளை யாராவது அதைக் காட்டிக் குழப்புவார்கள். சில ஏடிஎம்களில் கார்டு இல்லாமல் பணம் எடுக்க, மெஷின் திரையில் வரும் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போட வேண்டும். ஸ்கேன் செய்கிறோம், பின் போடுகிறோம், பணம் கைக்கு வருகிறது. ஆனால் அங்கேயும் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் குறைகிறது, நோட்டாகக் கையில் விழுகிறது. கணக்கில் கூடுவதில்லை. அதனால் விதி அங்கேயும் உடையவில்லை.

இன்னொன்று, க்யூஆர் இல்லாமல் "பணம் கேட்டு" ஒரு கோரிக்கை அனுப்பி ஏமாற்றும் முறை முன்பு நிறைய நடந்தது. "ஏற்றுக்கொள்" என்று அழுத்தி பின் போட்டால் பணம் போய்விடும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் அந்தத் தடைக்குள் வராது, ஏனென்றால் அதில் யாரும் உங்களிடம் பணம் கேட்டு எதையும் அனுப்பவில்லை, நீங்களாகவே ஒரு முகவரிக்குச் செலுத்துகிறீர்கள் என்றுதான் கணினிக்குத் தெரிகிறது. ஒரு கதவு மூடியதால் எல்லாம் பத்திரம் என்று இருந்துவிட முடியாது.

உங்கள் வங்கியில் சொன்ன பதிலுக்கு வருகிறேன். அது கேட்க மனதை வருத்தும், ஆனால் அவர்கள் எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் நஷ்டத்தை ஏற்பது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கி மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, மூன்றாவது ஆள் எங்கோ புகுந்து எடுத்தான் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்ன வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்தது என்றால், வங்கிக்குத் தகவல் சொல்லும் நேரம் வரை ஆன நஷ்டம் வாடிக்கையாளருடையது. நீங்களே பின் போட்டு அனுப்பியது என்பதால் உங்கள் வழக்கை இந்த இரண்டாவது வகையில் வைக்கிறார்கள். கவுன்டரில் நின்று இதை எதிர்த்து வாதாடி ஜெயிப்பது கஷ்டம், அந்த நம்பிக்கையை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆனாலும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தது போதாது. எழுத்தில் ஒரு புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதே சுற்றறிக்கையின்படி, நீங்கள் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது. அதோடு 1930-க்கு வரும் புகாரும் உங்கள் வங்கி வழியாகத்தான் மறுமுனை வங்கிக்குப் போகிறது, எனவே அவர்கள் கையில் உங்கள் புகார் எழுத்தில் இருப்பது நல்லது. முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in என்ற தளத்தில் எழுதலாம். வங்கி உங்கள் புகாரை வைத்துக்கொண்டு காலம் கடத்தியது என்றால் அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

இனி, பணம் எங்கே போனது என்று பார்ப்போம். அது அந்தப் பேசியவன் சொந்தக் கணக்குக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. யாரோ ஒரு ஏழைக்குச் சில ஆயிரம் கொடுத்து, அவர் பெயரில் கணக்குத் தொடங்கி, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உங்கள் பணம் அதில் விழுந்த சில நிமிடங்களில் இரண்டாவது கணக்குக்கும் மூன்றாவதுக்கும் பிரித்து நகர்த்தி, எங்காவது ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். 1930-க்குப் புகார் வந்ததும், உங்கள் வங்கி மறுமுனை வங்கிக்குத் தகவல் சொல்லும், அங்கே மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்தி வைப்பார்கள். நகர்ந்துவிட்டால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் ஓடும் வழியிலேயே புகாரும் ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் போன் செய்தவர்களுக்குக் கணிசமாகக் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பத்து நாள் என்பது நீண்ட இடைவெளி. 34,000-ம் அப்படியே கிடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கணக்கை வேறு யாராவது ஏற்கெனவே புகார் செய்து, உங்கள் பணம் நகர்வதற்கு முன்பே அது முடக்கப்பட்டிருந்தால் உங்கள் பங்கும் அங்கே சிக்கியிருக்கலாம். உங்கள் புகார் இல்லாவிட்டால் அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் முதல் வரியிலேயே போன் செய்யச் சொன்னேன்.

போனில் பேசியதும் ஒரு புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை வைத்து cybercrime.gov.in தளத்தில் விவரங்களை முழுதாகப் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் உங்கள் மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அவன் அனுப்பிய நான்கு படங்களும் அப்படியே இருக்கட்டும். அந்தப் படங்களுக்குள் `pa` முகவரி இருக்கிறது, போலீஸுக்கு அது மிகவும் வேண்டியது. கோபத்தில் அவன் நம்பரை பிளாக் செய்வதானால் முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஏதாவது தொகை முடக்கப்பட்டிருந்தால், அதை உங்கள் கணக்குக்குத் திருப்ப நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். எந்த மனு, எங்கே என்பதைக் காவல் நிலையத்திலேயே சொல்லுவார்கள்.

இந்த நாட்களில் இன்னொரு அழைப்பு வரலாம், அதற்கும் தயாராக இருங்கள். "உங்கள் 34,000 ரூபாயைப் பிடித்துவிட்டோம், திருப்பித் தர ஒரு சின்னக் கட்டணம்" என்றோ, "ரீஃபண்டுக்கு இந்தக் கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்றோ ஒருவர் போலீஸ் போலவோ வங்கி போலவோ பேசுவார். ஏமாந்தவர்களின் நம்பர்கள் இவர்களுக்குள் கைமாறுகின்றன. சரியான தொகையைச் சொல்கிறாரே, அப்படியானால் உண்மையான அதிகாரிதான் என்று நம்பிவிடாதீர்கள். அந்தத் தொகை திருடியவனுக்கும்தான் தெரியும். அதேபோல வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருப்பதை மட்டும் எடுங்கள்.

அவன் ராணுவ அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பியிருந்தால் அதைப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள், ஆனால் அதில் இருக்கும் முகத்தை நெட்டில் போட்டுத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் முன்பு வேறொரு விற்பனையில் ஏமாற்றப்பட்ட நிஜமான வீரர் ஒருவரின் அட்டையாக இருக்கும்.

வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள். புகார் பதிவு, காவல் நிலையம், வங்கி என்று அலைய வேண்டியிருக்கும், ஒளித்து வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், அந்த ஐந்து ரூபாய் கதையிலிருந்து தொடங்குங்கள். கேட்கிறவர்களுக்கு நீங்கள் எங்கே மாட்டினீர்கள் என்று புரியும். பேராசையால் செய்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது, கேட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட நீங்கள் ஆசைப்படவில்லை.

தையல் மெஷின் இன்னும் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்து ஒருவர் வாங்க வந்தால், உங்கள் செயலியில் இருக்கும் உங்களுடைய க்யூஆரை நீங்கள் காட்டுங்கள், அல்லது போன் நம்பரைச் சொல்லுங்கள். அவர் ஸ்கேன் செய்யட்டும், அவர் பின் போடட்டும். அனுப்பிவிட்டேன் என்று அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதைப் போலியாகச் செய்ய ஒரு நிமிடம் போதும். உங்கள் கணக்கில் 8,500 கூடியிருப்பதை நீங்களே இருப்பு பார்த்த பிறகு மெஷினை ஆட்டோவில் ஏற்றுங்கள்.